புது ஏர் கூலர் போட்டும் அறை புழுங்குகிறது, பழுதா? (கரூர், மாடி வீடு)

அமராவதிக்கரை · மே 8, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கங்க. போன வாரம் 40 லிட்டர் கூலர் ஒன்று வாங்கினேன். மூன்று பக்கமும் தேன்கூடு பேட். பெட்டியில் மணிக்கு 1500 கன மீட்டர் காற்று என்று போட்டிருக்கிறது. எங்கள் படுக்கையறை மாடியில், நேராக மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிறது. 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. மேற்கில் ஒரு நாலடி ஸ்லைடிங் ஜன்னல், வடக்கில் பால்கனியைப் பார்த்து ஒரு ஜன்னல், கிழக்கில் ஹாலுக்குப் போகும் கதவு.

கடையில் "கதவு ஜன்னலை நல்லா சாத்திட்டுப் போடுங்க, ஏசி மாதிரி இருக்கும்" என்றார்கள். அப்படியே செய்தேன். முதல் இருபது நிமிஷம் சுகம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தலையணை பிசுபிசுக்கிறது, டைல்ஸ் தரையில் கால் வைத்தால் ஒட்டுகிறது, மேஜை மேல் இருந்த நியூஸ்பேப்பர் அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிட்டது. "இதுக்கு சீலிங் ஃபேனே தேவலை" என்று வீட்டில் பாயைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்கள்.

கூலர் கட்டிலுக்குப் பக்கத்தில், மூலையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள் அவகாசம் உண்டு. மெஷினில் கோளாறா, நான் வைத்த விதத்தில் கோளாறா?

மந்தைவெளிவாசி · மே 8, இரவு 11.05

யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் மூன்று வருஷம் முன்னால் வாங்கிய கூலர் இப்போது துவைத்த துணி போடும் ஸ்டாண்டாக இருக்கிறது. அந்தப் பணத்தில் ஏசிக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்.

திண்ணைப்பேச்சு · மே 9, காலை 6.50

மூலையில் வைத்தது சரிதான், சாத்தியதும் சரிதான். குளிர்ந்த காற்று வெளியே போய்விட்டால் அப்புறம் என்ன பிரயோஜனம்? நீங்கள் விட்டது ஐஸ். ராத்திரி படுக்கும்போது ஃப்ரீசரிலிருந்து ரெண்டு பாட்டில் ஐஸ் எடுத்து டேங்கில் போடுங்கள். கூலர் என்பது தண்ணீரின் குளிர்ச்சியைக் காற்றுக்குக் கொடுக்கும் மெஷின். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் காற்றும் ஜில்லென்று வரும்.

மில்கேட்_3 · மே 9, காலை 8.15

தம்பி, திருப்பிக் கொடுக்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். தண்ணீரைத் தூவி அதற்குள் காற்றை விட்டு மில்லுக்கு அனுப்பும் வேலை. உங்கள் கூலரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஷிஃப்டில் நாலு தடவை ரெண்டு வெப்பமானி பார்ப்போம். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இந்த ரெண்டாவது எண்ணைத்தான் வெட் பல்பு என்போம்.

வீட்டில் கண்ணாடி வெப்பமானி ஒன்று இருக்கிறதா? ஜுரம் பார்ப்பது வேண்டாம், அறை வெப்பம் பார்ப்பது. முதலில் பால்கனி நிழலில் மாட்டி அளவு பாருங்கள். அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துணியை ரெண்டு விரல் அகலம் கிழித்து, தண்ணீரில் நனைத்துக் குமிழைச் சுற்றிக் கட்டி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பிடியுங்கள். எண் இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்குச் செய்யுங்கள்.

பிறகு கூலரை நேற்று மாதிரியே சாத்திய அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அறைக்குள்ளும் இதே ரெண்டு அளவை எடுங்கள். கூலர் வாய்க்கு முன்னால் காய்ந்த வெப்பமானியைப் பிடித்து ஓர் அளவு. ஆக ஐந்து எண்கள். கொண்டு வாருங்கள், பேசுவோம்.

திண்ணைப்பேச்சு · மே 9, காலை 8.40

ஒரு கூலருக்கு இவ்வளவு பரீட்சையா சார்!

அமராவதிக்கரை · மே 9, மாலை 4.20

எடுத்துவிட்டேங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் புராஜெக்டுக்கு வாங்கிய வெப்பமானி கிடைத்தது.

பால்கனி நிழலில் 39.5. துணி சுற்றிப் பிடித்ததும் மளமளவென்று இறங்கி 24.5-இல் நின்றது. நானே நம்பவில்லை, ரெண்டாம் தடவையும் பார்த்தேன், அதேதான். குழாய்த் தண்ணீர் சூடாகத்தான் இருந்தது, அதில் நனைத்த துணிதான் இப்படி இறக்கியது.

சாத்திய அறைக்குள் ஒரு மணி நேரம் கழித்து 34. துணி சுற்றினால் 30. கூலர் வாயில் 31.

மில்கேட்_3 · மே 9, மாலை 5.30

மெஷினில் கோளாறு இல்லை. திருப்ப வேண்டாம்.

நீங்களே சொல்லிவிட்டீர்கள், சூடான தண்ணீரில் நனைத்த துணி 24.5-க்கு இறக்கியது என்று. விஷயம் அதில்தான் இருக்கிறது. இறக்கியது தண்ணீரின் குளிர்ச்சி அல்ல. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதைத் துணியிடமும் அதைத் தொட்டுப் போகும் காற்றிடமும் பிடுங்கிக்கொள்கிறது. மண்பானையில் நடப்பதும் இதுதான். புதுப்பானையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், நாளாகி உப்புப் பூத்து நுண்துளைகள் அடைந்தால் குளிராது. உள்ளே இருக்கும் தண்ணீர் அதேதான், வெளியே கசிந்து ஆவியாவது நின்றுபோனதுதான் வித்தியாசம். கூலரில் துணிக்குப் பதில் பேட், அவ்வளவுதான்.

காய்ந்த காற்று என்றால் இன்னும் நிறைய ஆவியை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. உங்கள் பால்கனிக் காற்றில் 39.5-க்கும் 24.5-க்கும் நடுவே 15 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளிதான் கூலரின் சம்பளம். நல்ல பேட் அதில் முக்கால் பங்கு சம்பாதிக்கும், முழுசும் ஒருபோதும் கிடைக்காது. முக்கால் என்றால் 11 டிகிரி. அதாவது வாயில் 28.5 வர வேண்டும்.

ஆனால் உங்கள் கூலர் பால்கனிக் காற்றை உறிஞ்சவே இல்லையே! மூலையில் உட்கார்ந்து அறைக் காற்றைத்தான் உறிஞ்சியது. முதல் இருபது நிமிஷம் அறைக் காற்று காய்ந்திருந்தது, சுகமாக இருந்தது. அப்புறம் அது ஊதிய ஈரக் காற்றையே திரும்ப உறிஞ்சி, இன்னும் ஈரமாக்கி ஊதியது. ஒரு மணி நேரத்தில் இடைவெளி 34-க்கு 30, வெறும் 4 டிகிரி. அதிலும் முக்கால் பங்காக 3 டிகிரியைச் சரியாகச் சம்பாதித்து 31 கொடுத்திருக்கிறது. மெஷின் நாணயமான மெஷின்.

மில்லில் நூல் அறாமல் இருக்க வேண்டுமென்றே காற்றில் ஈரத்தை ஏற்றுவோம். நீங்கள் தெரியாமல் படுக்கையறையை ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் ஆக்கிவிட்டீர்கள்.

திண்ணைப்பேச்சு · மே 9, மாலை 6.05

சார் சொல்வது ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று வெளியே போய்விடுமே என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஐஸ் போட்டால் எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரிகிறது, அதையும் பொய் என்று சொல்ல முடியாது.

மில்கேட்_3 · மே 9, மாலை 6.50

போகத்தான் வேண்டும். ஏசி ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்து, வெப்பத்தை வெளிப் பெட்டி வழியாகத் தள்ளுகிறது. அதனால் அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். கூலரில் வெளிப் பெட்டி கிடையாது. அறையின் சூட்டையும் ஈரத்தையும் சுமந்துகொண்டு போக அந்தக் காற்றையே விட்டால் வேறு ஆள் இல்லை. 28.5-இல் உள்ளே வரும், தளத்துச் சூடு, உங்கள் உடம்புச் சூடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு 31, 32-இல் வெளியே போகும். அடைத்து வைத்தால் வாங்கியதை உள்ளேயே வைத்துக்கொண்டு நிற்கும்.

ஐஸ் விஷயம். ஒரு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் டேங்க் சூட்டுக்கு வரும்வரை எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ, அதே வெப்பத்தை ஏறக்குறைய 180 மில்லி தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துவிடும். ஒரு பெரிய டம்ளர்கூட இல்லை. நன்றாக ஓடும் கூலர் அதை ரெண்டு நிமிஷத்தில் ஆவியாக்கிவிடும். ஆகவே ஒரு கிலோ ஐஸ் போட்டால் ரெண்டு நிமிஷ வேலை லாபம். உங்களுக்கு வித்தியாசம் தெரிவதும் உண்மைதான், சாத்திய அறையில் ஆவியாவது நின்றுபோன பிறகு ஐஸ் மட்டும்தான் வேலை செய்கிறது. அது தீர்ந்ததும் பழைய கதை. அந்த ஐஸ் உறைவதற்கு ஃப்ரிட்ஜ் உங்கள் வீட்டுக்குள்ளேயே எவ்வளவு சூட்டைக் கக்கியது என்பது தனிக் கணக்கு.

நாக்பூர்ரிட்டர்ன் · மே 9, இரவு 9.15

பதினோரு வருஷம் நாக்பூரில் இருந்தேன், இங்கே எழுதாமல் போக மனசு வரவில்லை. அங்கே மே மாதம் 44, 45 சாதாரணம், காற்று பொரிகடலை மாதிரி காய்ந்திருக்கும். வீட்டுக்கு வீடு ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்ட் அடித்து, அதன் மேல் தகரப் பெட்டிக் கூலர் உட்கார்ந்திருக்கும். மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த பேட். முதுகு வெளியே, வாய் உள்ளே. கூலரை அறைக்குள் வைத்து நான் அங்கே பார்த்ததே இல்லை. ஜன்னலில் மிச்ச இடைவெளியை அட்டையோ தெர்மோகோலோ வைத்து அடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஊதிய காற்று பக்கவாட்டில் திரும்பி வெளியே ஓடிவிடும்.

எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்கும். எவ்வளவு திறப்பது என்று வீட்டுக்கார அம்மா எனக்குக் காட்டிக்கொடுத்த வழி இது: ஹால் கதவைக் கை விட்டுப் பாருங்கள். காற்று தள்ளிப் படாரென்று சாத்திக்கொண்டால் வெளியே போகிற வழி போதவில்லை. கூலரின் சத்தமும் மாறும், அடைத்துக்கொண்ட மாதிரி உறுமும். திறந்துவிட்டால் சத்தம் இலேசாகும். ரொம்பத் திறந்தால் வெளிக்காற்று அந்த வழியாகவே உள்ளே வீசும், அதுவும் தப்பு.

இன்னொன்று, எந்த ஜன்னலைத் திறக்கிறீர்களோ அந்தப் பக்கம்தான் குளிர்ச்சி போகும். கட்டில் நடுவில் வர வேண்டும். கூலருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே வந்து யு டர்ன் அடித்துப் போய்விடும், கட்டிலில் படுத்தவர் வியர்த்துக்கொண்டிருப்பார்.

ஜூலையில் மழை வந்ததும் அதே நாக்பூரில் அதே கூலர் ஒன்றுக்கும் உதவாது. பம்ப்பை நிறுத்தி வெறும் ஃபேனாக ஓட்டுவோம்.

பாலாற்றுமணல் · மே 9, இரவு 9.50

வேலூரிலிருந்து எழுதுகிறேன். என் கேள்வி வேறு. எங்கள் கூலர் ரெண்டு வருஷம் நன்றாக ஓடியது, வைத்த இடமும் ஜன்னல் பக்கம்தான். இந்த வருஷம் குளிரவே இல்லை. பேட் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கல் மாதிரி ஆகிவிட்டது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். வினிகர் ஊற்றலாமா? வெட்டிவேர் பேட் கிடைக்குமாமே, அது நல்லதா அண்ணா?

நாக்பூர்ரிட்டர்ன் · மே 9, இரவு 10.20

வேலூர் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான் அம்மா, உப்பு பூராவும் டேங்கிலும் பேட்டிலும் தங்கிவிடும். டிடிஎஸ் ஆயிரம் உள்ள தண்ணீர் 36 லிட்டர் ஆவியானால் 36 கிராம் உப்பு. தினம் ஓட்டினால் ஒரு வாரத்தில் கால் கிலோ. அது எங்கேயாவது படிந்துதானே ஆக வேண்டும்?

மேல் மூடியைக் கழற்றி, பேட்டுக்கு மேலே தண்ணீர் சொட்டும் குழாயைப் பாருங்கள். அதில் வரிசையாக ஊசித்துளைகள் இருக்கும், பாதி அடைத்திருக்கும். அடைத்த துளைக்குக் கீழே பேட்டில் ஒரு பட்டை முழுக்கக் காய்ந்து கிடக்கும். கையை வைத்துத் தடவினாலே தெரியும். காற்றுக்கு ஈரமான பேட்டைவிடக் காய்ந்த பட்டையில் நுழைவது சுலபம், சூடாக நுழைந்து மற்ற காற்றோடு கலந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறதே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

துளைகளைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். பேட்டைத் தனியாக எடுத்து வினிகர் கலந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகக் கழுவலாம். தேன்கூடு பேட் அட்டையில் செய்தது, பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் கிழிந்துவிடும். கல்லாக ஆனது திரும்பாது, புதிது வாங்குங்கள். இனிமேல் தினம் காலையில் டேங்கின் அடித்தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு தேங்காது. வாரம் ஒரு நாள் முழுக்கக் காயவைத்துத் துடையுங்கள், டெங்கு கொசு கூலர் தண்ணீரில்தான் குஷியாக முட்டை வைக்கும்.

வெட்டிவேர் வாசனைக்கு ஈடு கிடையாது. வடக்கே கஸ் என்பார்கள். நம் ஊரிலும் முன்பு தாழ்வாரத்தில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு மத்தியானத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், அதுவும் கூலர்தான், கரண்ட் இல்லாத கூலர். ஆனால் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது, தூசி உதிர்ந்து பம்ப்பை அடைக்கும். எனக்குப் பிடிக்கும், சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமராவதிக்கரை · மே 10, காலை 7.10

கூலரை எங்கே வைப்பது என்று இன்னும் குழப்பங்க. மேற்கு ஜன்னல் பெரியது, ஆனால் மத்தியானம் முழுக்க வெயில் அதில்தான். வடக்கு ஜன்னல் பால்கனி, நிழல். கதவு கிழக்கே.

நாக்பூர்ரிட்டர்ன் · மே 10, காலை 7.30

வடக்குதான், சந்தேகமே வேண்டாம். வெயிலில் வைத்தால் டேங்க் தண்ணீர் கொதித்துக் கூலர் செத்துவிடும்.

மில்கேட்_3 · மே 10, காலை 8.00

வடக்கு என்பது சரி. செத்துவிடும் என்பது கொஞ்சம் அதிகம். வெயில் பட்ட சுவருக்குப் பக்கத்துக் காற்று மூன்று டிகிரி கூடச் சூடானால் வெட் பல்பு ஒரு டிகிரி அளவுக்குத்தான் ஏறும். காசைக் கொட்டி ஷெட் போடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நிழல் சும்மா கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

பால்கனியில் ஸ்டூல் போட்டுக் கூலரை வையுங்கள், வாய் ஜன்னல் வழியாக உள்ளே. சுற்றி இருக்கும் இடைவெளியை அட்டையால் அடையுங்கள். ஜன்னல் கம்பி தடுத்தால் கூலரை ஒட்ட வைத்தால் போதும், கம்பியால் பெரிய நஷ்டம் இல்லை. மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்தித் திரை போட்டுவிடுங்கள். கதவைத் திறந்து ஹாலுக்கு விடுங்கள், ஹாலில் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். காற்று வெளியேற உங்கள் கூலருக்கு மூன்று சதுர அடி போல வேண்டும். நாலடி உயர ஸ்லைடிங் ஜன்னலில் முக்கால் அடி தள்ளினால் கணக்கு சரி. ஹாலில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும், வீட்டில் சமாதானம்.

சமையலறை ஜன்னல் வழியாக விட்டால் தாளிப்பு வாசனையும் படுக்கையறைக்கு வராது, அதுவும் யோசியுங்கள். பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறது, ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஹால் ஜன்னலில் ஓர் ஊதுபத்தி பிடியுங்கள். புகை வெளியே சாய வேண்டும்.

அமராவதிக்கரை · மே 11, இரவு 8.30

முதலில் நல்ல செய்தி. நேற்று மதியம் வெளியே அதே 39.5, துணி சுற்றினால் 24.5. கூலர் வாயில் 28.5! நீங்கள் சொன்ன எண், புள்ளி பிசகவில்லை. கட்டில் பக்கம் 31. தலையணை காய்ந்திருக்கிறது, பேப்பர் மொறுமொறுவென்று இருக்கிறது. ஊதுபத்திப் புகை முதலில் உள்ளே வந்தது, பார்த்தால் பால்கனி ஜன்னலில் ஒரு பக்கம் அட்டை விழுந்திருந்தது. செல்லோடேப் ஒட்டியதும் வெளியே சாய்ந்தது. கதவு ரெண்டு தடவை படாரென்று சாத்திக்கொண்டது, செங்கல் வைத்துவிட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. டேங்க் ஒழுகுகிறது என்று நினைக்கிறேன். அறைக்குள் வைத்திருந்தபோது ஒரு தடவை நிரப்பினால் ராத்திரி முழுக்க வந்தது. நேற்று காலை 11 மணிக்கு 40 லிட்டர் நிரப்பினேன், மாலை 5 மணிக்கு அடியில் ஒரு நாலு லிட்டர்தான் கிடந்தது. பால்கனித் தரையில் ஈரம் எதுவும் தெரியவில்லை, அதுதான் புரியவில்லை.

மில்கேட்_3 · மே 11, இரவு 9.10

ஒழுகவில்லை தம்பி. அந்த 36 லிட்டரும் உங்கள் அறை வழியாக ஆவியாகப் போய்விட்டது. அதுதான் நீங்கள் அனுபவித்த குளிர்ச்சி. சாத்திய அறையில் தண்ணீர் குறையாமல் இருந்ததைப் பார்த்து அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், தண்ணீர் செலவாகவில்லை என்றால் கூலர் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

இதிலிருந்து இன்னொரு கணக்கும் வருகிறது, எனக்கு இந்த மாதிரிக் கணக்கு போடாவிட்டால் தூக்கம் வராது. 6 மணி நேரத்தில் 36 லிட்டர், மணிக்கு 6 லிட்டர். ஒரு கன மீட்டர் காற்றை 11 டிகிரி இறக்க ஐந்து கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். 6000 கிராமை ஐந்தால் வகுத்தால் 1200. ஆக உங்கள் கூலர் மணிக்கு 1200 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. பெட்டியில் 1500 என்று போட்டிருப்பது பேட்டும் ஜன்னலும் இல்லாமல் அளந்ததாக இருக்கும், அந்த எண்ணை நான் எப்போதும் முழுசாக நம்புவதில்லை.

1200 போதும். உங்கள் அறை 34 கன மீட்டர். ரெண்டு நிமிஷத்துக்குள் அறைக் காற்று முழுசும் மாறிவிடுகிறது. வாயில் 28.5, கட்டிலில் 31 என்ற இரண்டரை டிகிரி வித்தியாசம் மொட்டைமாடித் தளம் கொடுப்பது. தளத்துக்கு வெள்ளை அடித்தால் அதில் கொஞ்சம் குறையும்.

மந்தைவெளிவாசி · மே 11, இரவு 9.40

நானும் வெட்டியாகத் துணி சுற்றிப் பார்த்தேன், இந்த வயசில். சாயந்திரம் ஆறு மணி, 33. ஈரத் துணியில் 29. நாலு டிகிரிக்காகவா நான் மூன்று வருஷம் முன்னால் அவ்வளவு பணம் கொடுத்தேன்?

மில்கேட்_3 · மே 11, இரவு 10.00

ஆமாம் சார். அதில் முக்கால், மூன்று டிகிரி. 30-இல் வரும் காற்று, அதுவும் சொட்டச் சொட்ட ஈரமாக. வியர்வை காயாது, 33-இல் ஓடும் வெறும் ஃபேனே மேல் என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பில்லை. கடலோரத்தில் நான் யாருக்கும் கூலர் சொல்வதில்லை.

ஆனால் நாளைக்குக் காலை பதினொன்றரை மணிக்கு, கடல்காற்று வருவதற்கு முன்னால், ஒரு தடவை அளந்து பாருங்கள்.

மந்தைவெளிவாசி · மே 12, மதியம் 2.30

பதினொன்றரைக்கு 38, துணியில் 27.5. மேற்குக் காற்று அனலாக அடித்தது. துணிகளை எடுத்துப் போட்டுவிட்டுக் கூலரை ஜன்னலில் வைத்தேன், பேட் காய்ந்து தூசி தும்மல் வந்தது, இருந்தாலும் முக்கால் மணி நேரம் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஒன்றே முக்காலுக்குக் கடல்காற்று வந்தது, கூலர் கதை முடிந்தது, ஜன்னல் கதை ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் என்றால் எனக்குத் துணி ஸ்டாண்டே லாபம்.

அமராவதிக்கரை · மே 12, இரவு 11.15

ரெண்டு சந்தேகம் மட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் லேசாகப் பிசுபிசுப்பு தெரிகிறது. இன்னொன்று, சீலிங் ஃபேன் போடலாமா?

நாக்பூர்ரிட்டர்ன் · மே 12, இரவு 11.30

ஃபேன் போடாதீர்கள். மேலே தளத்தடியில் தேங்கி நிற்கும் சூட்டை இழுத்துக் கட்டில் மேல் கொட்டும். கூலர் காற்று தாழ வந்து தாழப் போகட்டும்.

மில்கேட்_3 · மே 13, காலை 6.40

ராத்திரி வெளிக்காற்றே 30-க்கு இறங்கிவிடும், ஈரமும் ஏறிவிடும், வெட் பல்பு 24 இருக்கும். அப்போது கூலர் 25.5 கொடுக்கும், ஆனால் நனைந்த காற்றாக. பம்ப் சுவிட்ச் தனியாக இருக்கிறதல்லவா, பன்னிரண்டு மணிக்கு அதை மட்டும் நிறுத்திவிட்டு ஃபேனை ஓடவிடுங்கள். பேட்டில் மிச்சமிருக்கும் ஈரம் காய்ந்தால் காலையில் நாற்றமும் வராது. மேற்கு ஜன்னலையும் அப்போது திறக்கலாம்.

சீலிங் ஃபேனில் நாக்பூர்க்காரரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை காற்று மாறுகிற அறையில் மேலே எவ்வளவு தேங்கிவிடப் போகிறது? உடம்பில் காற்று பட்டால் வியர்வை காயும். மெதுவாக, ஒன்றாம் நம்பரில் போடுங்கள்.

நாக்பூர்ரிட்டர்ன் · மே 13, காலை 7.20

மொட்டைமாடிக்குக் கீழே படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் சார். ஃபேன் போட்டதும் முகத்தில் அனல் இறங்கும்.

அமராவதிக்கரை · மே 13, காலை 7.45

வெப்பமானியை அந்தப் பையன் திரும்பக் கேட்டுவிட்டான். இன்றைக்குச் சந்தையில் ஒன்று வாங்கி, ஃபேனோடு ஒரு மத்தியானம், ஃபேன் இல்லாமல் ஒரு மத்தியானம் கட்டிலில் அளந்து போடுகிறேன். பாயைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஹால் ஜன்னலை யார் சாத்தினாலும் இப்போது அவர்கள்தான் சத்தம் போடுகிறார்கள்.

திண்ணைப்பேச்சு · மே 13, காலை 8.05

அளக்கும்போது ஒரு நாள் ஐஸ் போட்டும் அளந்துவிடுங்கள்.